மின்னஞ்சலில் தமிழ்க் குரல்வழித் தட்டச்சும் உள்ளீட்டு மொழி அமைப்பும்

குரல்வழித் தட்டச்சு என்பது திறன்பேசியின் ஒலிவாங்கியில் பேசுவதை எழுத்தாக மாற்றித் தரும் வசதி ஆகும். ஆண்ட்ராய்டு திறன்பேசிகளில் பரவலாக உள்ள கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழுக்கான குரல்வழித் தட்டச்சு 2017 ஆகத்து மாதம் அறிவிக்கப்பட்டது. வங்காளம், குசராத்தி, கன்னடம், மலையாளம், மராத்தி, தெலுங்கு, உருது ஆகிய இந்திய மொழிகளும் அதே அறிவிப்பில் இடம்பெற்றன. இந்திக்கு அதற்கு முன்பே இவ்வசதி இருந்தது.

திறன்பேசியில் மின்னஞ்சல் எழுதும்போது இவ்வசதி தமிழ்ச் சொற்களைத் தவறாகக் கேட்டு எழுதுகிறது என்ற குறை பரவலாக உண்டு. இத்தவறுகள் இரு வகைப்பட்டவை. ஒன்று, விசைப்பலகை வேறு மொழியில் இருப்பதால் வருவது. மற்றொன்று, மொழி சரியாக இருந்தும் தனிச்சொற்களில் வருவது. முதலாவதை அமைப்பை மாற்றி முழுவதுமாக நீக்கிவிடலாம். இரண்டாவதற்கு எந்த அமைப்பும் மருந்தாகாது. பேசும் முறையாலும் கையால் திருத்துவதாலும்தான் அது சரியாகும். இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்பவர், மொழி மாறியிருப்பதைக் கவனிக்காமல் ஒரே வாக்கியத்தை மேலும் மேலும் உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்.

== ஒலிவாங்கி யாருடையது ==

ஜிமெயில் செயலியில் கடிதம் எழுதும் பக்கத்தைத் திறந்து, எழுதும் இடத்தைத் தொட்டால் கீழே விசைப்பலகை எழும். அதன் மேல்வரிசையில் ஒலிவாங்கிப் படம் தெரியும். அந்தப் படம் விசைப்பலகையைச் சேர்ந்தது. மின்னஞ்சல் செயலியைச் சேர்ந்ததன்று. ஆகவே ஜிமெயிலின் அமைப்புகளுக்குள் எவ்வளவு தேடினாலும் பேச்சு மொழியை மாற்றும் இடம் கிடைக்காது.

திறன்பேசி முழுமைக்கும் உரிய மொழியை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றிப் பார்ப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் பட்டியல்களும் பொத்தான்களின் பெயர்களும் தமிழில் வரும். பழகிய இடங்கள் பெயர் மாறிப் போவதால் சிலருக்கு அதுவே புதிய தொல்லையாகிவிடும். குரல்வழித் தட்டச்சுக்காக இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஜிபோர்டில் ஒலிவாங்கி பின்பற்றுவது அந்த நேரத்தில் திரையில் உள்ள விசைப்பலகையின் மொழியை. இதுவே உள்ளீட்டு மொழி எனப்படுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகள் சேர்க்கப்பட்டிருந்தால், இடைவெளி விடும் நீண்ட பொத்தானின் மீது அப்போதைய மொழியின் பெயர் எழுதியிருக்கும். பேசத் தொடங்கும் முன் பார்க்க வேண்டிய இடம் அந்தப் பொத்தான்தான்.

== தவறு எவ்வகை என்று அறிதல் ==

குரலை எழுத்தாக்கும் நிரல், காதில் விழும் ஒலியை அப்படியே எழுதுவதில்லை. தனக்குக் கொடுக்கப்பட்ட மொழியின் சொற்களுள் அந்த ஒலிக்கு நெருங்கிய சொல் எது, முன்னும் பின்னும் உள்ள சொற்களோடு பொருந்தி வருவது எது என்று கணித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. ஆங்கிலம் கொடுக்கப்பட்டிருந்தால் தமிழ் ஒலிகளுக்கும் ஆங்கிலச் சொற்களையே தேடும். இது காது கேளாமையால் வரும் பிழை அன்று. கையில் இருக்கும் அகராதி வேறு என்பதால் வரும் பிழை.

அஞ்சல் துறையில் ஓய்வு பெற்ற ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மத்திய அரசின் ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ்வுச் சான்று தர வேண்டும். அவர் தந்துவிட்டார். ஆயினும் டிசம்பர் மாத ஓய்வூதியம் கணக்கில் ஏறவில்லை. சனவரியில் தம் வங்கிக் கிளைக்கு ஒரு மின்னஞ்சல் எழுத எண்ணுகிறார். விரல் நடுக்கத்தால் தட்டச்சு செய்வது கடினம் என்பதால் பேசியே எழுத முற்படுகிறார். அவர் சொல்ல விரும்புவது இது:

ஐயா, வணக்கம். நவம்பர் மாதம் உயிர்வாழ்வுச் சான்று கொடுத்துவிட்டேன். டிசம்பர் மாத ஓய்வூதியம் இன்னும் வரவில்லை. தயவுசெய்து கவனிக்கவும்.

ஆங்கில விசைப்பலகை இருக்கும்போது முதல் நான்கு சொற்களைச் சொன்னால் திரையில் இப்படி ஏதேனும் விழலாம்:

```
I a one a come November Madam
```

கருவிக்குக் கருவி, குரலுக்குக் குரல் இது மாறும். "வணக்கம்" போன்ற பரவலான சொல் சில வேளை `Vanakkam` என்று சரியாகவே வரும்; அடுத்த சொல்லில் மீண்டும் குழம்பும். ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "நவம்பர்" மட்டும் பிழையில்லாமல் வந்துள்ளது. "மாதம்" மேடம் ஆகிவிட்டது. ஆங்கிலச் சொற்கள் நேராகவும் தமிழ்ச் சொற்கள் கோணலாகவும் வந்தால், ஒலிவாங்கியும் நன்றாக இருக்கிறது, பேசுபவரின் உச்சரிப்பும் நன்றாக இருக்கிறது, மொழி அமைப்பு மட்டுமே தவறு என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

தேவநாகரி எழுத்துகள் வந்தால் விசைப்பலகை இந்தியிலோ மராத்தியிலோ இருக்கிறது என்று பொருள். தமிழ் எழுத்துகளே வந்து ஒன்றிரண்டு சொற்கள் மட்டும் பிழையாக இருந்தால் அமைப்பைத் தொட வேண்டாம். அது இரண்டாம் வகைப் பிழை.

== தமிழைச் சேர்த்தல் ==

விசைப்பலகைப் பட்டியலில் தமிழ் இல்லாவிட்டால் முதலில் அதைச் சேர்க்க வேண்டும். இதற்கு ஜிமெயிலை விட்டு வெளியே போகத் தேவையில்லை. கடிதப் பக்கத்தில் விசைப்பலகை எழுந்திருக்கும்போதே அதன் மேல்வரிசையில் உள்ள பற்சக்கரப் படத்தைத் தொட வேண்டும். பற்சக்கரம் நேரடியாகத் தெரியாவிட்டால், அவ்வரிசையின் இடது ஓரத்தில் உள்ள நான்கு சிறு கட்டங்களைத் தொட்டால் உள்ளே `Settings` என்று இருக்கும். அதில் `Languages`, பிறகு `Add keyboard` என்று சென்று, தேடும் இடத்தில் `Tamil` என்று எழுதினால் தமிழ் வரும்.

தமிழ் என்பதோடு India, Sri Lanka, Singapore, Malaysia என நாட்டுப் பெயர் சேர்ந்து வருவதைக் காணலாம். பேசுபவரின் வழக்கு எந்த நாட்டைச் சேர்ந்ததோ அதைத் தேர்ந்தெடுப்பதே பொருத்தம். இப்போது வசிக்கும் நாடு இங்கே முக்கியமில்லை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து சென்னையில் வாழ்பவர் இலங்கைத் தமிழை முதலில் முயன்று பார்க்கலாம்.

அடுத்து எழுத்துப் பலகையின் வடிவத்தைக் கேட்கும். தமிழ் எழுத்துகள் கொண்ட பலகை ஒன்று. ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாற்றித் தரும் பலகை மற்றொன்று. பேசியே எழுதுபவருக்கும் பிறகு ஓரிரு எழுத்துகளைத் திருத்த வேண்டியிருக்கும் என்பதால், கைக்குப் பழகியதைத் தேர்ந்து `Done` என்பதைத் தொட வேண்டும்.

இப்போது கடிதத்துக்குத் திரும்பினால், இடைவெளிப் பொத்தானுக்கு அருகே உருண்டையான உலகப் படம் தெரியும். அதைத் தொடத் தொட மொழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறும். உலகப் படம் தெரியாவிட்டால் இடைவெளிப் பொத்தானையே சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் மொழிப் பட்டியல் வரும். பொத்தானில் தமிழின் பெயர் வந்த பிறகே ஒலிவாங்கியைத் தொட வேண்டும்.

பயன்படுத்தாத மொழிகள் பட்டியலில் இருந்தால் அவற்றை நீக்கிவிடுவது நல்லது. `Languages` பக்கத்தின் மேற்புறம் உள்ள பென்சில் படத்தைத் தொட்டு, வேண்டாத மொழியைக் குறித்து, குப்பைத்தொட்டிப் படத்தைத் தொட்டால் அது போய்விடும். ஆங்கிலமும் தமிழும் மட்டும் இருக்கும்போது உலகப் படத்தை ஒரு முறை தொட்டால் ஒன்று, மறுமுறை தொட்டால் மற்றொன்று. மூன்றாவதாக ஒரு மொழி இருந்தால், கை தவறி அதில் போய் நின்றுவிடுவது வாடிக்கை.

ஒலிவாங்கிப் படமே இல்லையென்றால், அதே `Settings` பக்கத்தில் `Voice typing` என்பதற்குள் `Use voice typing` என்ற பொத்தான் அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படம் இருந்தும் தொட்டவுடன் ஒன்றும் நடக்காவிட்டால், திறன்பேசியின் செயலிப் பட்டியலில் `Gboard` என்பதைத் திறந்து, `Permissions` பகுதியில் ஒலிவாங்கிக்கு அனுமதி தரப்பட்டுள்ளதா என்று பார்க்கலாம். கடவுச்சொல் கேட்கும் இடங்களில் ஒலிவாங்கி வராமலிருப்பது கோளாறு அன்று.

எல்லாத் திறன்பேசிகளிலும் ஜிபோர்டு முதன்மை விசைப்பலகையாக இருப்பதில்லை. தயாரிப்பு நிறுவனத்தின் சொந்த விசைப்பலகை இருந்தால், அதன் ஒலிவாங்கி `Google Voice Typing` என்ற தனிப் பகுதியைப் பயன்படுத்தலாம். அதற்குத் தனியாக ஒரு மொழிப் பட்டியல் உண்டு. அது இருக்கும் இடம் கருவிக்குக் கருவி மாறும் என்பதால், திறன்பேசி அமைப்புகளின் மேலுள்ள தேடுமிடத்தில் `voice` என்று எழுதித் தேடுவதே சுருக்கமான வழி. உள்ளே `Languages` என்பதில் தமிழ் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

== சரிசெய்த பின்னும் மொழி மாறுவது ஏன் ==

தமிழைச் சேர்த்து, ஒரு கடிதம் சரியாக எழுதிய பிறகு, மறுநாள் மீண்டும் ஆங்கிலக் குழப்பம் வருவதுண்டு. அமைப்பு தானாக மாறிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் காரணம் மின்னஞ்சல் படிவத்திலேயே இருக்கிறது.

கடிதப் பக்கத்தில் மேலிருந்து கீழாகப் பெறுநர் முகவரி, பொருள், கடிதம் என்று மூன்று கட்டங்கள் உள்ளன. முகவரி ஆங்கில எழுத்தில் எழுதப்பட வேண்டியது. அதற்காக உலகப் படத்தைத் தொட்டு ஆங்கிலத்துக்குப் போகிறோம். முகவரி முடிந்து கடிதக் கட்டத்தைத் தொட்டால் விசைப்பலகை அதே ஆங்கிலத்திலேயே நிற்கும்; இப்போது தமிழ் எழுதப் போகிறார் என்று அதற்குத் தெரியாது. அந்த நிலையில் ஒலிவாங்கியைத் தொட்டால் பழைய கதைதான். புலனம் போன்ற உரையாடல் செயலிகளில் முகவரி எழுதும் வேலை இல்லை. அதனால் அங்கே நன்றாக வேலை செய்வது மின்னஞ்சலில் மட்டும் கெட்டுப்போவதாகத் தோன்றுகிறது.

இதற்கு எளிய வழி வரிசையை மாற்றிக்கொள்வது. முதலில் கடிதத்தைப் பேசி முடித்து, பொருளையும் பேசி எழுதிவிட்டு, முகவரியைக் கடைசியில் இடலாம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. முகவரி இல்லாத கடிதம் கைதவறினாலும் எங்கும் போகாது. அரைகுறைக் கடிதம் வங்கி மேலாளரின் கையில் கிடைக்கும் சங்கடம் இல்லை. முகவரியைப் பேசி எழுத முயல வேண்டாம். ஓர் எழுத்து பிசகினாலும் கடிதம் சேராது, அல்லது வேறொருவருக்குச் சேர்ந்துவிடும்.

ஏற்கெனவே வந்த கடிதத்துக்கு மறுமொழி எழுதும்போது முகவரி தானாக நிரம்பியிருக்கும். அங்கே இந்த வரிசை உதவாது என்பதால், இடைவெளிப் பொத்தானை ஒரு முறை பார்த்துக்கொள்வது ஒன்றே வழி.

== மொழி சரியாக இருந்தும் வரும் பிழைகள் ==

மேற்கண்ட ஓய்வூதியர் தமிழுக்கு மாற்றிக்கொண்டு மீண்டும் பேசினால் ஏறத்தாழ இவ்வாறு வரக்கூடும்:

ஐயா வணக்கம் நவம்பர் மாதம் உயிர் வாழ்வு சான்று கொடுத்து விட்டேன் டிசம்பர் மாத ஓய்வூதியம் இன்னும் வரவில்லை தயவு செய்து கவனிக்கவும்

காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் இல்லை. ஆங்கிலத்தில் அவற்றின் பெயரைச் சொன்னால் குறி விழுவதுண்டு. தமிழில் கையால் இடுவதையே நம்ப வேண்டும். "உயிர்வாழ்வுச் சான்று" என்பதில் வல்லினம் மிகவில்லை. தொகைச்சொற்கள் பிரிந்து நிற்கின்றன. வங்கிக்குப் போகும் கடிதத்தில் இவை பொருளைக் கெடுப்பதில்லை. விரும்பினால் திருத்தலாம்.

பொருளைக் கெடுக்கக்கூடியவை வேறு. ல, ள, ழ மூன்றையும் வேறுபடுத்தி ஒலிக்காதவர் பலர். ஆனாலும் "திங்கட்கிழமை" என்பதைத் "திங்கக்கெளம" என்று சொன்னால்கூடப் பெரும்பாலும் சரியாக வந்துவிடும். ஏனெனில் அந்த ஒலிக்கு அருகில் வேறு சொல் இல்லை. வலி, வழி, பனி, பணி, அரை, அறை போன்ற இணைகளில்தான் சிக்கல். இவ்விடங்களில் நிரல் அக்கம்பக்கத்துச் சொற்களைத் துணைக்கு அழைக்கிறது. "பணி" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் எதுவும் வரலாம். "அஞ்சல் துறையில் பணி செய்தேன்" என்று முழுத் தொடராகச் சொன்னால் பனிக்கு அங்கே இடமில்லை. எனவே சொல் சொல்லாக நிறுத்தி, குழந்தைக்குச் சொல்வதெழுதுதல் போடுவதுபோலப் பேசுவது இங்கே பயன் தராது. ஒரே மூச்சில் ஒரு வாக்கியம் என்பது நல்ல அளவு.

ஆட்பெயர்களுக்கும் ஊர்ப்பெயர்களுக்கும் இந்தத் துணை கிடைக்காது. முதலெழுத்துகள் இன்னும் மோசம். பெயரையும் ஊரையும் கையால் எழுதிவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். ஓய்வூதிய ஆணை எண் மத்திய அரசு ஓய்வூதியர்களுக்குப் 12 இலக்கம் கொண்டது. அதைப் பேசினால் சில இலக்கங்கள் எண்ணாகவும் சில சொல்லாகவும் விழலாம். ஓர் இலக்கம் விடுபட்டால் கண்ணுக்கும் எளிதில் தெரியாது. எண்களையும் கையாலேயே இட வேண்டும்.

== எதிர்மறைச் சொற்களில் கவனம் ==

தமிழில் எதிர்மறை பெரும்பாலும் வினையின் வாலில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கென ஒரு தனிச்சொல் வினைக்கு முன்னேயே வந்துவிடும். நம் மொழியில் "வர" என்பது வரை கேட்டவருக்கு, வரவில்லையா, வரவேண்டுமா, வரப்போகிறதா என்று தெரியாது. அந்த வால் வாக்கியத்தின் இறுதியில், மூச்சு அடங்கும் இடத்தில் விழுகிறது. பேச்சு வழக்கிலோ அது மேலும் தேய்ந்து "வரல", "கெடக்கல" என்று ஒற்றை ஒலியாகிவிடுகிறது.

"பென்ஷன் இன்னும் வரல" என்று அவர் வீட்டில் பேசுவதுபோலவே சொன்னால், கடைசி ஒலி நழுவி, "பென்ஷன் இன்னும் வர" என்று வாக்கியம் தொங்கிப்போகக்கூடும்; நிரல் அதை "வரும்" என்று நிரப்பிவிடவும் கூடும். பணம் வரவில்லை என்று முறையிட்ட கடிதம், பணம் வரும் என்று தெரிவிக்கும் கடிதமாகிவிடுகிறது. எழுத்துப்பிழை இல்லாத, இலக்கணம் வழுவாத வாக்கியம் என்பதால் மேலோட்டமாகப் படிப்பவர் கண்ணில் அது படாது. கோணலாக வந்த சொல் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும், இது காட்டிக்கொடுக்காது.

ஆகவே வினைமுற்றுகளை மட்டுமாவது எழுத்து வழக்கில் சொல்வது நல்லது: வரவில்லை, கிடைக்கவில்லை, பெறவில்லை. வாக்கியம் முடிந்த உடனே ஒலிவாங்கியை அணைக்காமல் ஒரு நொடி பொறுக்க வேண்டும். இணைய இணைப்பு நலிந்த இடத்திலும் வாக்கியத்தின் கடைசிச் சொல்லே பெரும்பாலும் விழாமல் போகும்.

== திருத்துதலும் அனுப்புதலும் ==

பிழையான சொல்லை இருமுறை விரைவாகத் தொட்டால் அது மட்டும் தேர்வாகும். அந்நிலையில் ஒலிவாங்கியைத் தொட்டுச் சரியான சொல்லைச் சொன்னால் பழையதன் இடத்தில் புதியது வரும். தனிச்சொல்லாகச் சொல்லும்போது மீண்டும் அதே பிழை வருமானால் மூன்றாம் முறை முயல வேண்டாம். முழு வாக்கியத்தையும் அழித்துவிட்டுத் திரும்பச் சொல்வது விரைவில் முடியும். அழிப்பதற்கு அழிப்பான் பொத்தானில் விரலை வைத்து இடப்புறமாக இழுத்தால் சொற்கள் கொத்தாகப் போகும்.

எழுதிய கடிதத்தை ஜிமெயில் தானாகவே வரைவாகச் சேமித்து வைக்கும். எனவே உடனே அனுப்பியாக வேண்டும் என்ற அவசரம் இல்லை. வாய்விட்டு ஒரு முறை படிக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லிலும் விரல் வைத்துப் பார்ப்பது, மேலே சொன்ன எதிர்மறைப் பிழையைப் பிடித்துவிடும்.

ஜிமெயில் செயலியின் `Settings` பகுதியில் `General settings` என்பதற்குள் `Confirm before sending` என்று ஒன்று உள்ளது. அதைக் குறித்து வைத்தால், அனுப்பும் பொத்தானைத் தொட்டவுடன் கடிதம் போய்விடாது. அனுப்பலாமா என்று ஒரு முறை கேட்கும். அனுப்பிய பிறகும் சில நொடிகள் திரையின் அடியில் `Undo` என்ற சொல் நிற்கும். அதற்குள் தொட்டால் கடிதம் வரைவாகத் திரும்பி வரும். கணினியில் ஜிமெயிலைத் திறந்து அமைப்புகளுக்குச் சென்றால், அங்கே செயல்நீக்க நேரத்தை 30 நொடி வரை நீட்டிக்கொள்ளலாம்.